எக்ஸ்-ரே ஆய்வகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. எக்ஸ்-ரேயைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. கண்டுபிடித்தவர், ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ரோண்ட்கன். 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை, காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாயைக் கருப்பு அட்டையால் இடைவெளி விடாமல் மூடி, அறையை இருட்டாக்கி, குழாய்க்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். அட்டை வழியாக வெளிச்சம் எதுவும் கசியவில்லை. ஆனால் மேசையில் சற்றுத் தள்ளிக் கிடந்த ஒரு தாள்திரை மின்னியது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற உப்பைப் பூசிய திரை அது. மின்சாரத்தை நிறுத்தினால் அணைந்தது, கொடுத்தால் மின்னியது.

அந்தத் திரை அந்த நேரத்தில் அந்தத் தூரத்தில் கிடந்தது தற்செயல். அது அந்த அறையில் இருந்ததே தற்செயல் என்று சொல்ல முடியாது. குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றைகளான கேதோடு கதிர்கள் வெளியே வருகின்றனவா என்று பார்க்க அப்போதைய ஆய்வாளர்கள் வைத்திருந்த கருவியே இப்படிப்பட்ட ஒளிரும் திரைதான். கேதோடு கதிர்கள் காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது என்பது ரோண்ட்கனுக்குத் தெரியும். திரையோ அதைவிட வெகுதூரத்தில் மின்னியது. பிறகு சோதித்தபோது 2 மீட்டர் தள்ளி வைத்தும் மின்னியது. "இது நமக்குத் தெரிந்த கதிர் இல்லை" என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது இந்தத் தூரக் கணக்குதான்.

அன்று இரவு நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடந்தது என்று அவர் விரிவாக எழுதிவைக்கவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்புகளும் அவர் விருப்பப்படியே இறந்தபின் எரிக்கப்பட்டன. நவம்பர் 8 பற்றிப் பல வடிவங்களில் கதை உலவுவதற்கு இதுதான் காரணம்.

2. அந்த அறையில் அப்படி என்னதான் கருவி இருந்தது?

முக்கியமானவை மூன்று. முதலாவது, ரும்கார்ஃப் சுருள் எனப்படும் தூண்டு சுருள். இரும்புத் தண்டின் மேல் தடித்த கம்பி சில சுற்றுகளும், அதற்கு மேல் மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் சுற்றியிருக்கும். உள்சுருளுக்கு பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்து, ஒரு துண்டிப்பான் மூலம் நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டி விடுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் வெளிச்சுருளில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கும்.

இரண்டாவது, குழாய். ஹிட்டார்ஃப், குரூக்ஸ், லெனார்டு என்று செய்தவர் பெயரால் அழைக்கப்பட்ட பலவகைக் குழாய்கள் புழக்கத்தில் இருந்தன. எல்லாமே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு உலோக முனைகளை வைத்து, பாதரசப் பம்பால் காற்றை உறிஞ்சி மூடியவைதான். உள்ளே மிஞ்சியது, வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் 10 லட்சத்தில் ஒரு பங்கு. இந்த மிச்சக் காற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 9-ஆம் கேள்வியில் அதுதான் வில்லன். உயர் மின்னழுத்தம் கிடைத்ததும் எதிர்மின் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து எதிரே உள்ள கண்ணாடிச் சுவரில் மோதும். மோதிய இடம் பச்சையாக ஒளிரும். எக்ஸ் கதிர் பிறந்ததும் அந்த இடத்தில்தான்.

மூன்றாவது, மேலே சொன்ன ஒளிர்திரை. இவற்றோடு சாதாரணப் புகைப்படக் கண்ணாடித் தட்டுகள். இவற்றில் எதுவும் ரோண்ட்கனுக்கென்று செய்யப்பட்டதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓரளவு வசதியான எந்த இயற்பியல் துறையிலும் இவை எல்லாம் இருந்தன.

3. அப்படியானால் மற்றவர்கள் கண்ணில் ஏன் படவில்லை?

பட்டது, புரியவில்லை. பிலடெல்பியாவில் 1890 பிப்ரவரி 22 அன்று பேராசிரியர் குட்ஸ்பீடும் புகைப்படக்காரர் ஜென்னிங்ஸும் மின்பொறிகளைப் படம் எடுத்துவிட்டு, குரூக்ஸ் குழாய்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உறையோடு இருந்த தட்டுகளின் மேல் இரண்டு நாணயங்கள் கிடந்தன. தட்டைக் கழுவியபோது காரணம் தெரியாத இரண்டு வட்ட நிழல்கள் தெரிந்தன. தட்டைத் தூக்கி ஒதுக்கிவைத்தார்கள். 1896-இல் செய்தி வந்த பிறகுதான் அது என்ன படம் என்று அவர்களுக்கே விளங்கியது. முதலில் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று அவர்கள் உரிமை கொண்டாடவில்லை.

லெனார்டின் விஷயம் இன்னும் வருத்தமானது. கேதோடு கதிரைக் குழாய்க்கு வெளியே கொண்டுவந்து ஆராய்ந்தவரே அவர்தான். அவருடைய குழாயிலும் எக்ஸ் கதிர்கள் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவர் திரைக்குப் பயன்படுத்தியது ஒரு கீட்டோன் சேர்மம். கேதோடு கதிர் பட்டால் அது நன்றாக ஒளிரும். எக்ஸ் கதிருக்கு அசைந்து கொடுக்காது. ரோண்ட்கனின் பிளாட்டினோசயனைடு திரை இரண்டுக்குமே ஒளிரும். ஒரு பூச்சில் இருந்த வித்தியாசம் இது.

4. நவம்பர் 8-லேயே பார்த்துவிட்டு டிசம்பர் கடைசி வரை ஏன் வாயைத் திறக்கவில்லை?

சந்தேகம்தான். அந்த ஏழு வாரமும் குழாய்க்கும் திரைக்கும் நடுவே கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தார். சுமார் 1,000 பக்கம் உள்ள புத்தகத்துக்குப் பின்னாலும் திரை மின்னியது. 2, 3 சென்டிமீட்டர் கனமுள்ள பைன் பலகை கதிரைக் கொஞ்சமாகத்தான் குறைத்தது. 15 மில்லிமீட்டர் அலுமினியம் நன்றாகக் குறைத்தது, ஆனால் முழுக்க நிறுத்தவில்லை. 1.5 மில்லிமீட்டர் ஈயம் கிட்டத்தட்ட முழுவதையும் நிறுத்திவிட்டது. காந்தத்தைக் காட்டினால் கதிர் வளையவில்லை. கேதோடு கதிராக இருந்தால் வளைந்திருக்க வேண்டும். முப்பட்டகத்தின் வழியே விட்டாலும் ஒளியைப் போல விலகவில்லை.

இதற்கு நடுவில்தான் கையை நீட்டியபோது திரையில் சதையின் மெல்லிய நிழலும் அதற்குள் எலும்புகளின் அடர்ந்த நிழலும் விழுந்ததைக் கண்டார். கண் ஏமாற்றலாம் என்பதால் புகைப்படத் தட்டில் பதித்து உறுதி செய்துகொண்டார். டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். டிசம்பர் 28 அன்று வூர்ட்ஸ்பர்க் இயற்பியல்-மருத்துவச் சங்கத்திடம் கட்டுரையைக் கொடுத்தார். விபத்து ஒரு கணத்தில் முடிந்துவிட்டது. கண்டுபிடிப்பு என்று சொல்லத் தகுந்தது இந்த ஏழு வார வேலைதான்.

5. மனைவியின் கையை எடுக்க 15 நிமிஷம் ஆனதாமே? இப்போது கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துவிடுகிறார்களே?

சுமார் 15 நிமிடம்தான். முதல் காரணம், குழாயிலிருந்து வந்த கதிரே குறைவு. எலக்ட்ரான்கள் மோதியது கண்ணாடியில். எக்ஸ் கதிர் அதிகம் பிறக்க, பிளாட்டினம் மாதிரி கனமான அணுக்கள் கொண்ட உலோகத்தில் மோத வேண்டும். இரண்டாவது காரணம் தட்டு. வெளிச்சத்தைப் பிடிப்பதற்காகச் செய்த மெல்லிய வெள்ளி உப்புப் பூச்சு அது. எக்ஸ் கதிரில் பெரும்பகுதி அந்தப் பூச்சிலும் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். எதையும் துளைத்துப் போகிற குணம்தான் இங்கே இடைஞ்சல்.

அந்தப் படம் மங்கலாக இருப்பதற்கும் விளக்கம் உண்டு. கதிர் ஒரு புள்ளியிலிருந்து வராமல் கண்ணாடிச் சுவரின் அகன்ற பரப்பிலிருந்து வந்தது. ஒளி வரும் இடம் அகலமாக இருந்தால் நிழலின் விளிம்பு கலங்கிப்போகும். கால் மணி நேரம் கையை ஆடாமல் வைப்பதும் நடக்காத காரியம். விரலில் இருந்த மோதிரம் மட்டும் கன்னங்கரேல் என்று விழுந்திருக்கிறது.

6. எலும்பு தெரிகிறது, சதை தெரியவில்லையே, ஏன்?

எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் உண்டு. சதை பெரும்பாலும் நீரும் கார்பன் சேர்மங்களும். கனமான அணுக்கள் கதிரை அதிகம் உறிஞ்சும், அடர்த்தி கூடினாலும் உறிஞ்சுவது கூடும். அதனால் ஈயக்குண்டு, ஊசி, நாணயம் எல்லாம் எலும்பைவிடவும் பளிச்சென்று தெரியும். முதல் சில ஆண்டுகளில் எக்ஸ்-ரே பெரும்பாலும் குண்டு தேடவும் முறிவு பார்க்கவும் மட்டுமே பயன்பட்டதற்கு இதுவே காரணம்.

வயிறு, குடல் போன்றவற்றைப் பார்க்க வேறு வழி தேவைப்பட்டது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் 1896 கடைசியில் தொடங்கிய சோதனைகளில், விலங்குகளின் உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, அது வயிற்றுக்குள் நகர்வதைத் திரையில் பார்த்தார். இன்று ஸ்கேன் சென்டரில் குடிக்கச் சொல்லும் பேரியம் கஞ்சிக்கு முன்னோடி அதுதான்.

7. போன், டிவி எதுவும் இல்லாத காலத்தில் செய்தி எப்படி அவ்வளவு வேகமாகப் பரவியது?

தபால் வழியாக. 1896 ஜனவரி 1 அன்று ரோண்ட்கன் அச்சிட்ட கட்டுரையோடு சில படங்களையும் வைத்துத் தெரிந்த விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். வியன்னாவில் அதைப் பெற்ற ஃபிரான்ஸ் எக்ஸ்னர், வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் படங்களைக் காட்டினார். அந்த நண்பர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் லெகரின் தந்தை அங்கே 'டீ பிரெஸ்ஸே' நாளிதழின் ஆசிரியர். ஜனவரி 5 அன்று செய்தி முதல் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த நாள் லண்டனிலிருந்து தந்தி வழியே உலகம் முழுக்கப் போனது.

செய்தி மட்டும் வேகமாகப் போயிருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. 2-ஆம் பதிலில் சொன்னதுபோல் கருவிகள் ஏற்கெனவே எல்லா ஊர்களிலும் இருந்தன. செய்தித்தாளைப் படித்தவர் அலமாரியைத் திறந்து, சுருளையும் குழாயையும் இணைத்து, ஒரு தட்டைக் கருப்புத் தாளில் பொதிந்து, அன்றே முயன்று பார்க்கலாம். லண்டனில் கேம்ப்பெல் ஸ்விண்டன் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட்டார். ரோண்ட்கன் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

8. நிஜ நோயாளிக்கு முதலில் எப்போது பயன்பட்டது?

1896 ஜனவரியிலேயே இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர், கையில் ஊசி ஏறிய ஒருவரைப் படம் எடுத்தார். பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், பனிக்கட்டியில் ஸ்கேட்டிங் செய்யும்போது விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்த சிறுவனுக்கு எடுத்தார்கள். எடுத்தவர் வானியல் பேராசிரியர் எட்வின் ஃப்ராஸ்ட், சிறுவனைக் கவனித்துவந்தவர் அவருடைய அண்ணன், மருத்துவர் கில்மன் ஃப்ராஸ்ட். கல்லூரியில் கிடந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, வேலைக்கு ஆகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 20 நிமிடம் ஓடவிட்டார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கனடாவின் மாண்ட்ரியலில் பிப்ரவரி 7 அன்று நடந்தது. 1895 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருவருக்குக் காலில் குண்டடி பட்டிருந்தது. டாக்டர் கிர்க்பேட்ரிக் தேடியும் குண்டு கிடைக்கவில்லை. புண் ஆறிவிட்டது, வலி போகவில்லை. மெக்கில் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜான் காக்ஸிடம் அனுப்பினார்கள். 45 நிமிடம் காலைத் தட்டின் மேல் வைத்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் போதவில்லை, படம் வெளிறித்தான் வந்தது. ஆனாலும் கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே நசுங்கிய குண்டு தெரிந்தது. அதைப் பார்த்துக் கீறி எடுத்தார்கள். சுட்டவர் மீதான வழக்கில் அந்தப் படமே நீதிமன்றத்தில் சாட்சியாகவும் வைக்கப்பட்டது. கட்டுரை வெளியாகி ஆறு வாரம்கூட ஆகவில்லை.

9. ஒரே குழாய் நேற்று நன்றாக வேலை செய்தது, இன்று படம் வரவில்லை என்று அந்தக் காலத்தவர் புலம்பினார்களாமே, ஏன்?

அந்தக் குழாய்கள் மிச்சக் காற்றை நம்பி ஓடியவை. குழாய்க்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச வாயுவின் அயனிகள் எதிர்மின் முனையில் மோதித்தான் எலக்ட்ரான்களை வெளியே தள்ளின. ஓட ஓட அந்த வாயு கண்ணாடியிலும், முனையிலிருந்து தெறித்துச் சுவரில் படியும் உலோகத் துகளிலும் ஒட்டிக்கொண்டு குறைந்துகொண்டே வரும். வாயு குறைந்தால் மின்சாரம் பாய அதிக வோல்ட் தேவை. வோல்ட் ஏறினால் பிறக்கும் கதிரின் ஊடுருவும் சக்தியும் ஏறும். இதைக் குழாய் "கடினமாகிவிட்டது" என்பார்கள்.

வாயு கூடுதலாக இருக்கும் மென்மையான குழாயில் கதிர் எலும்பைத் துளைக்காது. கை கருப்பு மொத்தையாக விழும், எலும்புக்குள் விவரம் இருக்காது. மிகக் கடினமான குழாயில் எல்லாவற்றையும் துளைத்துவிடும். எலும்புக்கும் சதைக்கும் வேறுபாடே இல்லாமல் முழுப்படமும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். இன்னும் கடினமானால் மின்சாரம் குழாய்க்குள் போவதையே விட்டுவிட்டு வெளிக்காற்றில் பொறியாகத் தாவும், சில சமயம் கண்ணாடியையே துளைத்துவிடும். அத்தோடு குழாய் முடிந்தது.

வைத்தியம் சூடுதான். சாராய விளக்கால் குழாயை மெதுவாகச் சூடாக்கினால் சுவரில் ஒட்டிய வாயு கொஞ்சம் விடுபட்டு, குழாய் மீண்டும் மென்மையாகும். அவசரப்பட்டால் விரிசல் விடும். பிறகு வந்த குழாய்களில் ஒரு மெல்லிய பல்லேடியக் குச்சியைப் பக்கவாட்டில் பொருத்தினார்கள். சூடான பல்லேடியம் ஹைட்ரஜனை உள்ளே விடும். சுடரைக் காட்டினால் சுடரிலுள்ள ஹைட்ரஜன் குழாய்க்குள் நுழையும். ஃபிரான்ஸின் வில்லார்டு செய்த ஏற்பாடு இது. இவ்வளவு இருந்தும், குழாய் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய இயக்குபவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: தன் கையைத் திரைக்கு முன்னால் நீட்டி, எலும்பு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார்கள். நாளுக்குப் பலமுறை, ஆண்டுக்கணக்கில். அதன் விளைவு 13-ஆம் பதிலில் இருக்கிறது.

10. 45 நிமிஷம் எப்படிச் சில வினாடிகளுக்கு வந்தது?

இரண்டு மாற்றங்கள், இரண்டும் 1896-லேயே. ஒன்று, லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஹெர்பர்ட் ஜாக்சன் செய்த குவியக் குழாய். எதிர்மின் முனையைக் குழிந்த கிண்ணமாகச் செய்தால் எலக்ட்ரான்கள் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். அந்தப் புள்ளியில் 45 பாகை சாய்வாக ஒரு பிளாட்டினத் தகடு. 5-ஆம் பதிலில் சொன்ன குறைகளில் இரண்டு இதில் தீர்ந்தன: கண்ணாடிக்குப் பதில் பிளாட்டினம் என்பதால் கதிர் கூடியது, அகன்ற சுவருக்குப் பதில் சிறு புள்ளி என்பதால் நிழல் கூர்மையானது. புதுத் தொல்லையும் வந்தது. எலக்ட்ரான்களின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறும். கவனிக்காமல் ஓடவிட்டால் தகடு சிவந்து, உருகி, ஓட்டையாகிவிடும்.

மற்றொன்று, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பியூபின் 1896 பிப்ரவரியில் செய்தது. சிறு ஈயக்குண்டுகள் சிதறிப் பாய்ந்த ஒரு கையைப் படமெடுக்க வேண்டியிருந்தது, அந்த நோயாளியால் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க முடியவில்லை. பியூபின், எடிசன் அனுப்பிய ஒளிர்திரையைத் தட்டின் மேல் ஒட்டிவைத்தார். கதிர் திரையை ஒளிரச் செய்ய, அந்த ஒளி தட்டில் பதிந்தது. சில வினாடி போதுமானதாயிற்று. ஆனால் அக்காலத் திரைகளின் பூச்சு சொரசொரவென்று இருக்கும், அந்தப் பரல்கள் படத்திலும் விழும். நுணுக்கமான முறிவைப் பார்க்க வேண்டுமென்றால் பலரும் திரையில்லாமல் நீண்ட நேரம் எடுப்பதையே விரும்பினார்கள்.

11. படத்தில் குண்டு தெரிகிறது, சரி. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொன்னார்கள்?

எக்ஸ்-ரே படம் வெறும் நிழல். குண்டு தோலுக்கு அடியில் இருந்தாலும் எலும்புக்குப் பின்னால் இருந்தாலும் நிழல் ஒரே இடத்தில் விழலாம். படத்தை நம்பிக் கத்தியை வைத்து, குண்டு கிடைக்காமல் துழாவிய அறுவைகள் ஆரம்பத்தில் ஏராளம். அபர்டீனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கென்சி டேவிட்சன் 1898-இல் கொடுத்த தீர்வு இது: நோயாளியை அசைக்காமல், ஒரே தட்டில் இரண்டு தடவை கதிரைப் பாய்ச்சுவது, இரண்டுக்கும் நடுவே குழாயை மட்டும் தெரிந்த தூரத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்துவது. குண்டுக்கு இரண்டு நிழல்கள் விழும். தட்டுக்கு அருகில் இருக்கும் பொருளின் நிழல்கள் நெருங்கி விழும், உயரத்தில் இருந்தால் விலகி விழும்.

கணக்கு எளிது: தட்டிலிருந்து குண்டின் உயரம் = குழாயின் உயரம் × நிழல் இடைவெளி ÷ (குழாய் நகர்ந்த தூரம் + நிழல் இடைவெளி). குழாய் தட்டுக்கு மேல் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது, 7.5 சென்டிமீட்டர் நகர்த்தினோம், நிழல்கள் 0.5 சென்டிமீட்டர் விலகியிருக்கின்றன என்று வையுங்கள். 40 × 0.5 = 20; அதை 8-ஆல் வகுத்தால் 2.5. தட்டைத் தொடும் தோலிலிருந்து 2.5 சென்டிமீட்டர் உள்ளே குண்டு. டேவிட்சன் இந்தக் கணக்கைக்கூடப் போடவிடவில்லை. குழாய் இருந்த இரண்டு இடங்களிலிருந்தும் தட்டிலுள்ள நிழல்களுக்குப் பட்டுநூல்களை இழுத்துக் கட்டுவார். நூல்கள் குறுக்கிடும் இடம்தான் குண்டு, அளவுகோலால் அளந்துகொள்ளலாம். தட்டின் மேல் மை தடவிய இரண்டு கம்பிகளைக் குறுக்காக வைத்திருப்பார். அந்த மை தோலில் பதிவதால், எந்தப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும் என்று அறுவை மருத்துவருக்குத் தெரியும்.

தவறு எங்கே வரும் என்றால், நிழல் இடைவெளியை அளப்பதில். மேலே 0.5-க்குப் பதில் 0.6 என்று படித்தால் விடை 2.5-லிருந்து கிட்டத்தட்ட 3 ஆகிவிடும். 1 மில்லிமீட்டர் பிசகுக்கு 5 மில்லிமீட்டர் ஆழம் தப்புகிறது. குழாயைக் குறைவாக நகர்த்தினால் இந்தத் தப்பு இன்னும் பெருகும். நடுவில் நோயாளி காலை லேசாக அசைத்திருந்தால் கணக்கே வீண். எலும்பின் நிழலும் இரட்டிப்பாக, தாறுமாறாக விலகியிருக்கிறதா என்று பார்த்து அதைக் கண்டுபிடிப்பார்கள்.

12. ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு எப்போது வந்தது? போர்க்களத்துக்கும் கொண்டுபோனார்களாமே?

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் 1896 மார்ச்சிலேயே ஜான் மெக்கின்டயர் எக்ஸ்-ரே பிரிவைத் தொடங்கினார். உலகின் முதல் பிரிவுகளில் ஒன்று. அவர் தொண்டை மருத்துவர், அதோடு அந்த மருத்துவமனையின் மின்கருவிகளுக்கும் பொறுப்பாளர். சிறுநீரகக் கல்லையும், குழந்தையின் தொண்டையில் சிக்கிய நாணயத்தையும் படமெடுத்துக் காட்டினார். மருத்துவமும் மின்சாரமும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருந்ததுதான் அங்கே வேலை சீக்கிரம் நடக்கக் காரணம். மற்ற இடங்களில் நோயாளியை இயற்பியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போர்க்களத்துக்கு 1897-98-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திரா படையெடுப்பின்போது மேஜர் பீவர் கருவிகளை மலைப்பாதையில் எடுத்துப்போனார். 1898-இல் சூடான் போரில் ஜான் பேட்டர்ஸ்பி நைல் நதிக்கரையில் அபாதியா என்ற இடத்தில் கூடாரம் போட்டார். அங்கே மின்சாரம் ஏது? இருவர் மிதிக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தில் வார்ப்பட்டை மாட்டி டைனமோவைச் சுழற்றி, பேட்டரியில் மின்சாரத்தைச் சேமித்தார். வெயிலில் சுருள் கெடாமல் இருக்க ஈரக் கம்பளியால் போர்த்திவைத்தார். ஓம்துர்மான் சண்டையில் காயம்பட்டு வந்த 121 பிரிட்டிஷ் வீரர்களில் 21 பேருக்கு வழக்கமான முறையில் குண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் 20 பேருக்கு எக்ஸ்-ரே விடை சொன்னது. மிஞ்சிய ஒருவர் நுரையீரலில் குண்டடி பட்டவர். சோதிக்கும் நிலையில் அவர் இல்லை.

13. கதிர் உடம்புக்குக் கெடுதல் என்று யாருக்குமே தெரியவில்லையா?

அறிகுறிகள் முதல் ஆண்டிலேயே தெரிந்தன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், தலையில் குண்டு பாய்ந்த குழந்தையைப் படமெடுக்கும் முன், ஜான் டேனியல் தன் சக பேராசிரியர் டட்லியின் தலையை வைத்து ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தார். 21 நாள் கழித்து, குழாயை ஒட்டியிருந்த பக்கத்தில் வட்டமாக முடி கொட்டியது. 1896-லேயே அதை எழுதி வெளியிட்டார். இந்த 21 நாள்தான் சிக்கல். நெருப்பு சுட்டால் உடனே கையை இழுப்போம். இது வலிக்காது, சூடு தெரியாது, காயம் வாரங்கள் கழித்து வரும். புற்றாக மாற ஆண்டுகள் பிடிக்கும். அதனால் பலர் கதிரை விட்டுவிட்டு மின்பொறி, ஓசோன், படம் கழுவும் ரசாயனம் என்று வேறு எதையெல்லாமோ காரணம் சொன்னார்கள். எலிஹூ தாம்சன் என்ற பொறியாளர் தன் சுண்டுவிரலையே வேண்டுமென்று கதிருக்குக் காட்டி, கொப்புளம் வரவைத்து, கதிர்தான் காரணம் என்று அதே ஆண்டு எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு.

9-ஆம் பதிலில் சொன்னபடி கையை நீட்டிப் பார்த்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இரண்டு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஊசியைப் படமெடுத்த ஹால்-எட்வர்ட்ஸின் இடக்கையை 1908-இல் வெட்டி எடுத்தார்கள். 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இப்படி இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுக்கல்லில் 150-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

14. அப்போ ரோண்ட்கனும் கதிரால்தான் இறந்தாரா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 1923-இல், தன் 77-ஆம் வயதில், குடல் புற்றுநோயால் இறந்தார். அவர் இந்தக் கதிரோடு நெருங்கி வேலை செய்தது குறுகிய காலம்தான். அதோடு, தட்டுகள் வீணாகாமல் இருக்கவும் கதிரை ஒழுங்காக அளக்கவும் துத்தநாகத் தகட்டால் ஆன ஒரு பெரிய பெட்டி செய்து, குழாய்ப் பக்கம் ஈயத்தகடு பொருத்தி, அதற்குள் நின்று சோதனை செய்தார். உடம்பைக் காப்பதற்காகச் செய்யவில்லை, ஆனால் காத்தது.

15. இன்றைய மெஷினில் அந்தப் பழைய குழாய்தான் இருக்கிறதா?

அடிப்படை அதேதான்: எலக்ட்ரான்களை உலோகத் தகட்டில் மோதவிடுவது. மாறியது எலக்ட்ரான் வரும் வழி. 1913-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் கூலிட்ஜ், குழாயிலிருந்த காற்றை முடிந்தவரை முழுக்க வெளியேற்றிவிட்டு, டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி அதிலிருந்து எலக்ட்ரான்களை வரவைத்தார். இழையின் சூட்டைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும், வோல்ட்டைக் கூட்டினால் ஊடுருவும் சக்தி கூடும். பழைய குழாயில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன, அதுவும் வாயுவின் தயவில். இப்போது தனித்தனியாக இரண்டு திருகிகள். எக்ஸ்-ரே அறையில் டெக்னீஷியன் மில்லியாம்பியர், கிலோவோல்ட் என்று இரண்டு எண்களை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவை இவைதான். நேற்று வைத்த எண்ணை இன்று வைத்தால் நேற்று வந்த படமே வரும். அதனால் குழாயின் நிலையறிய யாரும் கையை நீட்டிப் பார்க்க வேண்டியதில்லை.